இரண்டு பக்கமும் கேட்டவள்

புதிதாக மேனேஜர் ஆனவர்களைப் பேட்டி எடுப்பது என் பிழைப்பு. கம்பெனிகள் அவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தும். வகுப்பில் எதைச் சொல்லித்தர வேண்டும் என்று தெரிந்துகொள்ள, அதற்கு முன்பே என்னை அனுப்பிவைக்கும். நான் குடியிருக்கும் கோட்டைப் பகுதியிலிருந்து பஸ் பிடித்து, கழக்கூட்டத்துப் பக்கம் ஏதோ ஒரு கட்டடத்தில் குளிர் தாங்காத ஒரு கண்ணாடி அறையில் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு உட்காருவேன்.

உட்கார்ந்ததும் ஒன்றைச் சொல்லிவிடுவேன். இங்கே பேசுவது உங்கள் மேலதிகாரிக்கும் போகாது, உங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் போகாது. அதைச் சொல்லாவிட்டால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். திறந்தாலும் முதலில் வருவதெல்லாம் வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்கிற பேச்சுதான். ‘நான் எப்போதும் ஓப்பனாக ஃபீட்பேக் கொடுப்பேன்’ என்பார்கள். நான் விடமாட்டேன். கடைசியாக யாரிடம் சொன்னீர்கள், எங்கே வைத்து, என்ன வார்த்தையில் என்று கேட்பேன். அந்த இடத்தில் பாதிப் பேர் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

அப்படி ஜன்னலைப் பார்த்தவர்களில் ஒருத்தி குழித்துறைக்காரி. (ஊர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) ஒரு டெஸ்டிங் டீமுக்கு லீடாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு அதே டீமில் சாதாரண டெஸ்டராக இருந்தவள். மலையாளிகள் நிறைந்த அந்த டீமில் அவளைத் தவிரத் தமிழ் பேசுகிறவள் இன்னொருத்திதான், பாறசாலைக்காரி. காலைப் பாசஞ்சரில் குழித்துறைக்காரி முதலில் ஏறி, பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடிப்பாள். பாறசாலையில் மற்றவள் ஏறியதும் பை மடிக்குப் போகும். சாப்பாடும் ஒன்றாகத்தான். ‘ஏட்டி, ஷால் தரையில இழுவுது பாரு’ என்பதிலிருந்து மாமியாரைப் பற்றிய புலம்பல் வரை ஒளிவுமறைவே கிடையாது.

லீடானதும் அவளுக்கு ஒரு பயம் வந்தது. ரெண்டு தமிழச்சிகளும் சேர்ந்துகொண்டார்கள் என்று மற்றவர்கள் பேசிவிடக்கூடாது. அதனால் ஆபீஸில் தோழியிடம் தமிழை நிறுத்தினாள். வேலை விஷயமென்றால் இங்கிலீஷ், மற்றதற்கு எல்லாரையும் போல மலையாளம். காலை மீட்டிங் என்று முந்தின வண்டிக்கும் மாறிவிட்டாள். யாருக்கும் அநியாயம் செய்யக்கூடாது என்பதுதான் எண்ணம்.

தோழியின் வேலையில் ஒரு குறை இருந்தது. சாஃப்ட்வேரில் பிழையைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி, எழுதுவதில் அவசரக்காரி. என்னென்ன செய்தால் அந்தப் பிழை வருகிறது என்று படிப்படியாக எழுதாமல் நடுவில் நாலு படியை விழுங்கிவிடுவாள். புரோகிராம் எழுதுகிறவர்கள் அதைப் படித்துச் செய்து பார்த்து, எங்களுக்குப் பிழையே வரவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். இது தெரிந்தும் லீட் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோழியின் ரிப்போர்ட்டுகளைச் சாயங்காலம் உட்கார்ந்து தானே திருத்தி அனுப்பினாள். வேலையை ஒப்படைத்த மாதிரியும் இருந்தது, ஒப்படைக்காத மாதிரியும் இருந்தது. திருப்பி வருவது நின்றுபோனதால், தோழி தன் வேலை சரியாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

வருஷக் கடைசியில் ரேட்டிங் போடவேண்டி வந்தது. பொய் போட மனசில்லாமல், ‘முன்னேற்றம் தேவை’ என்று போட்டுவிட்டாள். ரேட்டிங்கில் இருப்பது எதுவும் அந்த ஆளுக்குப் புதுச் செய்தியாக இருக்கக்கூடாது என்பது அந்தப் பயிற்சி வகுப்புகளில் முதல் பாடம். வகுப்பு நடந்தால்தானே பாடம்? இவளை லீடாக்கினபோது யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. தோழிக்கு ரேட்டிங்கும், தன் ரிப்போர்ட்டுகளை இவள் திருத்திவந்ததும் இது போன்ற ஒரு கண்ணாடி அறையில், இங்கிலீஷில்தான் தெரிந்தது. மறுவாரம் ராஜினாமா கொடுத்தாள். நோட்டீஸ் காலம் முழுக்க ரெண்டு பேரும் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.

“சண்ட போட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல அக்கா” என்றாள் குழித்துறைக்காரி.

ஆறு மாதம் கழித்து அவளை இரண்டாம் சுற்றுப் பேட்டிக்குப் பார்த்தேன். இப்போது குறையை அந்தந்த வாரமே சொல்லிவிடுகிறாளாம். யாருடைய வேலையையும் தான் எடுத்துச் செய்வதில்லையாம். நன்றாகத்தான் தேறியிருந்தாள். முடிக்கும்போது, சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா என்று வழக்கம்போலக் கேட்டேன். தோழி புதிதாகச் சேர்ந்த கம்பெனியிலிருந்து ஒருநாள் ஃபோனில் கூப்பிட்டாளாம். அந்த நேரம் பார்த்து டீம் ஆட்கள் ரெண்டு பேர் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். பழகின வாய், மலையாளம் வந்துவிட்டது. ‘பின்னெ விளிக்காம்’, பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு கூப்பிடவே இல்லை. ஒருநாள் தள்ளினதும் கூச்சம் வந்தது. ஒரு வாரமானதும் என்ன சொல்லி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை.

“இன்னும் ஒரே ஒரு தடவ அவ கூப்பிட்டா, எல்லாத்தையும் சொல்லிருவேன் அக்கா. வண்டியில பை இப்பவும் பக்கத்து சீட்டுலதான் இருக்கு. யாராவது கேட்டாதான் எடுக்கேன்.”

அன்றைக்கு பஸ்ஸில் வீடு வருகிறவரை எனக்கு மனசே சரியில்லை.

போன வருஷம் வேறொரு கம்பெனி. புது லீட் ஒருத்தி உள்ளே வந்து, நான் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து, தமிழிலேயே பேசலாமா என்று கேட்டாள். தான் பாறசாலை என்றாள். அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. பாறசாலையிலிருந்து வருகிறவர்கள் எத்தனையோ பேர். கூட வேலை பார்த்தவர்களுக்கே லீடாவது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பதிலுக்கு அவள் ஒரு பையைப் பற்றிச் சொன்னாள். ரயிலில் தனக்காக ஒருத்தி பக்கத்து சீட்டில் வைக்கிற பை. கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அதே கதை மறுபக்கத்திலிருந்து வந்தது. தான் வேலையை விட்டது ரேட்டிங்குக்காக இல்லை என்றாள்.

“ஷால் இழுவுதுன்னு சொன்னவ, வேல சரியில்லன்னு சொல்லியிருக்கலாம்லா? அன்னைக்கே திருத்தியிருப்பேன். ஒரு வருஷம் எனக்குத் தெரியாம அவளே திருத்திட்டு இருந்திருக்கா.”

அதற்கு முந்தின மாதம், தன் டீமில் ஒருத்தனுடைய வேலையை அவனிடம் சொல்லாமல் இவளே உட்கார்ந்து திருத்தியிருக்கிறாள். அவன் முகம் வாடுவதைப் பார்க்கத் தைரியம் வரவில்லையாம். பாதித் திருத்தத்தில் கை நின்றுவிட்டதாம். குழித்துறைத் தோழியும் இப்படித்தானே உட்கார்ந்திருப்பாள் என்று அப்போதுதான் உறைத்தது என்றாள். மறுநாள் காலை அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அந்தத் தோழியிடம் மட்டும் இதைச் சொல்லமுடியவில்லை.

“ஒரு தடவ கூப்பிட்டேன் அக்கா. மலையாளத்துல பேசிட்டு வெச்சுட்டா. இன்னொரு தடவ அந்த மலையாளத்தக் கேக்க என்னால முடியாது. அவளே கூப்பிடட்டும்.”

பக்கத்தில் ரெண்டு பேர் நின்றிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். பை இன்னும் சீட்டில் இருக்கிறது என்பதும் தெரியும். இவளுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான், இரண்டே வாக்கியம். ஆனால் அவை என் வாக்கியங்கள் அல்ல. எங்கேயும் போகாது என்று வாக்குக் கொடுத்து வாங்கினவை. இவளுக்கும் அதே வாக்கைத்தான் சற்று முன்னால் கொடுத்திருந்தேன். ரெக்கார்டரை நிறுத்தினேன்.

“இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்களேன்” என்றேன்.

“கூப்பிட்டா, மனசுவிட்டுப் பேசுவாளா?”

“பேசுவாங்க.”

அவள் சிரித்தாள். “எல்லாரும் இப்படித்தான் அக்கா சொல்லுதாங்க. அவளப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

எனக்கு என்ன தெரியும்? அடுத்த மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். தமிழில் பேசி ரொம்ப நாளாயிற்று, நன்றாக இருந்தது என்றாள். வெளியே அவளுடைய டீம் ஆட்கள் காத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் அவள் மலையாளத்துக்கு மாறினாள்.