சுந்தரேசனுக்கு முளைத்த பற்கள்

பதுருன்னிசாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கடையில் ஆள் இல்லாவிட்டால் கண்ணாடி மேசையைத் துடைப்பாள். துடைத்த மேசையையே மறுபடி துடைப்பாள். லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், தையல்கடைக்கும் சாமான் அனுப்பும் கடைக்கும் நடுவே அவளுடைய படக்கடை. பாஸ்போர்ட் படம், லேமினேஷன், கல்யாண அழைப்பிதழ் எல்லாம் உண்டு. ஆனால் ஊரில் அவள் பேர் வாங்கியது வேறொரு வேலைக்காக. போய்ச் சேர்ந்தவர்களின் படம்.

யாராவது தவறிவிட்டால், பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு பெரிய படம் வேண்டும். வீட்டில் தேடினால் நல்ல படமே இருக்காது. ஏதோ ஒரு கல்யாணக் கூட்டத்தில், கடைசி வரிசையில், மிளகு அளவுக்கு ஒரு முகம் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். பதுருன்னிசா அதைக் கணினியில் ஏற்றி, முகம் துலக்கும் மென்பொருளிடம் கொடுப்பாள். அது கண், மூக்கு, வாய் எங்கே என்று கண்டுபிடித்து, முகத்தை நேராக நிறுத்தி, அரை நிமிடத்தில் பளிச்சென்று பெரிய முகமாகத் தந்துவிடும். "எங்கப்பாவேதான்!" என்று அழுவார்கள். ஒருவர்கூட இதுவரை குறை சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்கள்? பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்க அந்த ஆள் வரப்போவதில்லையே.

ஒரு புதன்கிழமை காலை, கடையைத் திறந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, வைதேகி வந்து நின்றாள். செங்காங்கிலிருந்து டாக்ஸியில் வந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். தலையைக்கூடச் சீவவில்லை.

"அக்கா, எங்கப்பா நேத்து காலைல வீட்டை விட்டுப் போனவர் இன்னும் வரல. போலீஸ்ல சொல்லியாச்சு. ஆனா அவங்ககிட்ட இருக்கிறது ஐசில, அடையாள அட்டைல இருக்கிற பழைய படம். அதுல மீசையும் முடியுமா வேற ஆளு மாதிரி இருப்பாரு."

அப்பா பெயர் சுந்தரேசன், எழுபத்து நான்கு வயது. சாங்கியில் விமானச் சரக்குக் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். இப்போது ஞாபகம் தவறிக்கொண்டிருந்தது. சில நாள் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"புதுப் படம் ஒண்ணுகூடவா இல்ல?"

"ஸ்ட்ரோக் வந்ததுக்கப்புறம் படம் எடுக்கவே விட மாட்டேங்கிறார்க்கா. ஃபோனைத் தூக்கினாலே கையால முகத்தை மூடிக்குவார். இது ஒண்ணுதான் தெரியாம விழுந்துச்சு. இதுல இருக்கிற சட்டையைத்தான் நேத்தும் மாட்டிக்கிட்டுப் போனார்."

வைதேகியின் தங்கையுடைய புதுவீட்டு விசேஷத்தில் எடுத்த படம். இருபது பேர். பின்னால், கதவோரம், நீலக்கட்டம் போட்ட சட்டையில் ஒருவர் நின்றிருந்தார். பதுருன்னிசா பெரிதாக்கிப் பார்த்தாள். முகத்தின் அகலம் திரையில் முப்பது புள்ளிகள்கூட இல்லை. கண்ணிருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் கறை, வாயிருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிழல்.

ஸ்ட்ரோக் என்று காதில் விழுந்ததே, அப்போது ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? முகத்தில் என்ன ஆயிற்று, எந்தப் பக்கம் என்று? கேட்கவில்லை. கை தன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. மென்பொருளில் ஒரு தள்ளுகோல் உண்டு. ஒரு முனையில் 'அசல்', மறு முனையில் 'தெளிவு'. பழக்க தோஷம், தெளிவின் பக்கம் தள்ளிவிட்டாள்.

திரையில் சுந்தரேசன் சிரித்தார். இரண்டு கண்களும் அகலத் திறந்திருந்தன. மேல்வரிசைப் பற்கள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. கன்னத்தில் சுருக்கம்கூட அளவாகத்தான் இருந்தது.

அவளுக்குள் ஏதோ நெருடியது. எதற்கும் இருக்கட்டும் என்று புதுமுகத்தைப் பழைய அளவுக்கே சுருக்கி, பழைய படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் அச்சு அசல் ஒன்றாக இருந்தன. அப்பாடா என்று இருந்தது. வைதேகி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அந்தச் சிரிப்பை விரலால் தொட்டாள்.

"நல்லா வந்திருக்குக்கா" என்றாள். குரல் எங்கோ போய் வந்தது.

மதியத்துக்குள் இருநூறு தாள் அச்சாகிவிட்டது. வாட்ஸ்அப் குழுக்களில் அந்தச் சிரிப்பு பறந்தது. செங்காங்கின் கடைக் கதவுகள், தேக்கா சந்தையின் தெரிந்த காய்கறிக் கடைகள் எல்லாவற்றிலும் சுந்தரேசன் சிரித்தார். ஒரு தகவலும் வரவில்லை.

அன்று முழுவதும் பதுருன்னிசா ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். வெளியே சடசடவென்று மழை வேறு. எழுபத்து நான்கு வயது மனிதர் எந்த அடுக்குமாடிப் புளோக்கின் கீழ் ஒதுங்கி நிற்கிறாரோ, ஏதாவது சாப்பிட்டாரோ. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை மதிய லுஹர் தொழுதுவிட்டு, இனிப் பொறுக்க முடியாது என்று கடையைப் பூட்டினாள். மிச்சமிருந்த தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு கேலாங் போனாள். பஸ் ஏறத் தெரிந்தவர், கோயில் கண்டால் இறங்குவார் என்று ஒரு கணக்கு.

சிவன் கோயில் வாசலில் அன்னதானப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார் ரெங்கசாமி என்கிற தொண்டூழியர். கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார்.

"இல்லம்மா. இவரை நான் பார்க்கல. நேத்தே ஒரு பொண்ணு இதைக் கொண்டாந்து குடுத்துச்சு, உள்ள ஒட்டியிருக்கோம். வர்றவங்க எல்லாம் பார்த்துட்டுதான் போறாங்க."

"நல்லாப் பாருங்கண்ணே. சட்டை நீலக்கட்டம்."

"நீலக்கட்டமா?" அவர் நெற்றியைச் சுருக்கினார். "நீலக்கட்டம் போட்டு ஒருத்தர் நேத்தும் வந்தார், இன்னைக்கும் வந்தார்லா. ஆனா அவர் வேற ஆளும்மா. ஒரு கண்ணு பாதி மூடியிருக்கும், மேல் பல்லு சுத்தமா இல்ல. சோத்தைக் குழைச்சுக் குடுத்தேன். இந்தப் படத்துக்குக் கீழதான் உட்கார்ந்து சாப்பிட்டார்."

பதுருன்னிசா பையைக் கீழே வைத்துவிட்டு ஃபோனை எடுத்தாள். அந்த இடத்திலேயே வைதேகிக்கு அடித்தாள்.

"வைதேகி, அப்பாவுக்குப் பல்லு இருக்கா?"

"மேல இல்லக்கா. பல்செட்டும் போட மாட்டார்."

"கண்ணு?"

வைதேகி மெதுவாகச் சொன்னாள்: "இடது கண்ணு பாதி மூடியிருக்கும். ஸ்ட்ரோக்குல."

"யா அல்லாஹ்! ஏம்மா சொல்லல? இல்ல இல்ல, நீ ஏன் சொல்லணும், நான்ல கேட்டிருக்கணும். தப்பு என் மேல. அந்தப் படத்துல இருக்கிறது உங்கப்பா இல்லம்மா. அந்தக் கறைக்குள்ள என்ன இருக்குன்னு மென்பொருளுக்குத் தெரியாது. அது பார்த்த ஆயிரமாயிரம் மூஞ்சிலேருந்து ஒரு கண்ணை வச்சு, ஒரு வாய் நிறையப் பல்லை வச்சு அடைச்சிருக்கு. நான் அதை அச்சடிச்சு ஊரெல்லாம் குடுத்திருக்கேன்."

படக்கடை வைப்பதற்கு முன்னால் பத்து வருடம் பல் கிளினிக்கில் சீட்டு எழுதிக் கொடுத்தவள் அவள். வாய்க்குள் பல் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. சுருக்கிப் பார்த்து ஒன்றாக இருக்கிறது என்று நிம்மதிப்பட்டதை நினைத்தால் இப்போது எரிச்சலாக வந்தது. மிளகு அளவுக்குச் சுருக்கினால் நூறு பேருடைய முகம் அந்தக் கறைக்குள் அடங்கும். அது பொருந்தியதில் என்ன அதிசயம்? தள்ளுகோலை அசலின் பக்கம் தள்ளியிருந்தாலும் மூடிய கண் வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. இல்லாத விவரத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

கைப்பேசியில் அந்தக் குடும்பப் படத்தை எடுத்தாள். எதையும் தொடவில்லை. மங்கலாகவே, கதவோரம் நின்ற முழு உருவத்தை ரெங்கசாமியிடம் காட்டினாள்.

"அட! இவரேதான்மா!" ரெங்கசாமி பதறினார். "இந்த ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்கிறது, இந்தத் தோள்பட்டை! மூஞ்சி தெரியவே இல்ல, ஆனா சத்தியமா இவர்தான். அரை மணி நேரம்கூட ஆகல. சாங்கிக்கு எந்த பஸ்னு கேட்டார், ஷிஃப்டு இருக்காம். நான்தான் ஸ்டாப் வரைக்கும் கொண்டு விட்டேன்." சொல்லும்போதே அவர் முகம் வெளுத்துவிட்டது. "தப்புப் பண்ணிட்டேனாம்மா?"

"நீங்க இல்லண்ணே" என்றாள் பதுருன்னிசா.

கோயில் வாசல் கட்டையிலேயே உட்கார்ந்தாள். மங்கல் படத்தை அப்படியே போட்டு, கீழே தட்டினாள்: முந்தைய படத்தை நம்ப வேண்டாம், அது கணினி மாற்றிய முகம். இடது கண் பாதி மூடியிருக்கும். மேல் பற்கள் இல்லை. வலது தோள் சாய்ந்த நடை. நீலக்கட்டச் சட்டை. சாங்கி பஸ்ஸில் ஏறியிருக்கிறார், சரக்குக் கூடத்துக்குப் போகலாம். எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினாள். வைதேகி அதைப் போலீசுக்குச் சொன்னாள். அப்பாவோடு வேலை பார்த்த பழைய நண்பர்களுக்கும் அனுப்பினாள். பிறகு அரை மணி நேரம், ஒரு மணி நேரம். பதுருன்னிசா வாசலில் இங்குமங்கும் நடந்தாள். ரெங்கசாமி கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினார்.

ஐந்தேகால் மணிக்கு ஃபோன் அடித்தது. சரக்குக் கூடத்தின் வாயிலில், உள்ளே விடச் சொல்லி ஒருவர் காவலாளியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாராம். படத்தைப் பார்த்த பழைய சகா ஒருவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். பதுருன்னிசா அங்கேயே அழுதாள். வெட்கமே படவில்லை.

மறுநாள் சாயங்காலம் செங்காங்குக்குப் போனாள். வழியில் கண்ணில் பட்ட கதவுகளிலிருந்தெல்லாம் அந்தத் தாள்களைக் கிழித்துக்கொண்டே போனாள். கதவைத் திறந்த வைதேகியிடம், உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"மன்னிச்சிரும்மா. ரெண்டு நாள் அவரைத் தெருத்தெருவா அலைய விட்டுட்டேன்."

வைதேகி தலையை ஆட்டினாள். "நானும் பார்த்தேன்லக்கா. கண்ணு திறந்திருக்கு, பல்லு இருக்கு, எல்லாம் தெரிஞ்சுது. எங்கப்பா எட்டு மாசமா சிரிக்கல. அந்தப் படத்துல சிரிச்சார். எனக்கு வேணாம்னு சொல்ல வாய் வரல."

உள்ளே சோபாவில் சுந்தரேசன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். இடது கண் பாதி மூடியிருந்தது, வாயோரம் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பதுருன்னிசா அந்த முகத்தை ஆற அமரப் பார்த்தாள். தான் செய்த படத்தில் இதில் ஒரு துளிகூட இல்லை.

அவள் பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த தாளை அவர் எட்டி இழுத்தார். விரித்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். 'காணவில்லை' என்ற எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"யாரும்மா இவரு? நல்ல மனுசனாத் தெரியுறாரு."

வைதேகி சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாவம்" என்றார் சுந்தரேசன். தாளைப் பத்திரமாக மடித்து அவள் கையில் கொடுத்தார். "என்னைக் கண்டுபிடிச்சுட்டீங்க. இவரையும் தேடுங்கம்மா. வீட்டுல காத்துக்கிட்டிருப்பாங்க."