வெளியாளுக்குத் திறக்காத முகவரி

ராயபுரத்தில் ஏற்றுமதிச் சரக்குகளைக் கப்பலேற்றும் ஓர் ஆபீசில் கம்ப்யூட்டர், மெயில் எல்லாம் ரிஃபானாவின் பொறுப்பு. வயது நாற்பத்தாறு. இனிக்க இனிக்கப் பேச வராது. வரவேண்டும் என்று அவள் நினைத்ததும் இல்லை. பாஸ்வேர்டை மறந்துவிட்டு வருகிறவர்களிடம், "தலைய எங்க வச்சிட்டு வந்த?" என்று கேட்ட பிறகுதான் மாற்றித் தருவாள். ஆபீசில் அவளைப் பிடித்தவர் யாருமில்லை. அவள் லீவு போட்டால் மட்டும் எல்லோருக்கும் கை ஓடாது.

ஒருநாள் காலை, இறால் ஏற்றுமதி செய்யும் வாடிக்கையாளர் பிராங்கிளின், ஆபீஸ் முதலாளி தண்டபாணியின் அறைக்குள் புகுந்து, உட்காராமலே ஆரம்பித்தார்.

"எடைச் சான்று மெயில்ல அனுப்பிச்சேன். நீங்க துறைமுகத்துல குடுக்கல. அது இல்லாம ஏத்த மாட்டேன்ட்டான். என் கண்டெய்னர் காட்டுப்பள்ளி துறைமுகத்துலயே நின்னுகினு கீது, கப்பல் பூடுச்சு. இன்னா ஆபீஸ் நடத்துறீங்க?"

ஆவணங்கள் தயாரிக்கும் ஜோதிகாவையும் ரிஃபானாவையும் கூப்பிட்டார்கள். அந்த மெயில் தனக்கு வரவேயில்லை என்றாள் ஜோதிகா.

"வராம எங்க பூடும்? பாக்காம அழிச்சிட்டிருப்ப," என்றார் தண்டபாணி. "ரிஃபானா, தேடு. வந்திருந்துச்சுன்னா இவ நாளைலேர்ந்து வர வேணாம்."

பிராங்கிளின் தன் போனை ரிஃபானாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். அனுப்பியவை என்ற பகுதியில் மெயில் இருந்தது.

"உங்க கைய வுட்டுப் போச்சுன்னு இது சொல்லுது சார். எங்க கைக்கு வந்துச்சுன்னு சொல்லல," என்றாள் ரிஃபானா.

"பொய் சொல்றேன்றியா?"

"இன்னும் சொல்லல."

மூவரும் ரிஃபானாவின் மேஜைக்கு வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். ஜோதிகாவின் மெயில் பெட்டியில் ஸ்பேம் பகுதியை முதலில் திறந்தாள். கடன் வேண்டுமா என்று கேட்கும் மெயில்கள் மட்டும். அழித்தவற்றிலும் இல்லை. அடுத்து சர்வரின் குவாரன்டைன். ஆபத்து என்று சந்தேகப்படும் மெயில்களை ஸ்பேமுக்குக்கூட விடாமல் சர்வர் தடுத்து வைக்கும் இடம் அது. கூரியர் பெயரில் வந்த மோசடிகள் சில அங்கே கிடந்தன. பிராங்கிளினுடையது இல்லை. கடைசியாக, வந்த மெயில் ஒவ்வொன்றையும் சர்வர் குறித்து வைக்கும் பதிவுகள். அனுப்பியவர் பிராங்கிளின், பெறுபவர் ஜோதிகா என்று கொடுத்துத் தேடினாள். ஒன்றுமே வரவில்லை.

"பாத்தியா, சாரு அனுப்பவே இல்ல," என்று தண்டபாணி கட்சி மாறினார்.

"யோவ், கர்த்தர் மேல ஆணையா அனுப்பிச்சேன்."

ரிஃபானா பெறுபவர் பெயரை அழித்துவிட்டு, அனுப்பியவர் முகவரியை மட்டும் வைத்துத் தேடினாள். ஒரே வரி வந்தது. மெயில் சர்வர் வரை வந்திருக்கிறது. கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாளே. நிலை: தோல்வி. பெறுபவர் ஜோதிகா அல்ல, ஏற்றுமதிப் பிரிவின் புதிய பொது முகவரி; அதற்கு வரும் மெயில் பிரிவில் இருக்கும் குழு முழுவதற்கும் போகும். ஆபீசுக்கு வெளியே இருப்பவர் இந்தக் குழுவுக்கு எழுத அனுமதி இல்லை என்று காரணமும் இருந்தது.

ரிஃபானா அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். ஆவணங்கள் ஒருவரிடமே தங்கக் கூடாது என்று போன வாரம் தண்டபாணி கேட்டதால் அவள் உருவாக்கிய முகவரி அது. புதிதாக உருவாக்கும் குழு, உள்ளே இருப்பவர்களின் மெயிலைத்தான் ஏற்கும். வெளியாட்களுக்கு நாம்தான் திறந்துவிட வேண்டும். அவள் தன் மேஜையிலிருந்தே ஒரு மெயில் போட்டுப் பார்த்தாள். போய்ச் சேர்ந்தது. சரி என்று எழுந்துவிட்டாள். புது முகவரிக்கு எழுதும்படி வாடிக்கையாளர்களுக்கெல்லாம் தகவலும் போனது. மற்றவர்கள் அதை மதிக்காமல் பழையபடி ஜோதிகாவுக்கே அனுப்பினார்கள். மதித்தவர் பிராங்கிளின் ஒருவர்தான்.

திரையில் இருந்த கம்ப்யூட்டர் ஆங்கிலம் பின்னால் நின்றவர்களுக்குப் புரியவில்லை. நினைத்திருந்தால் அவள் அதை அப்படியே மூடிவிட்டிருக்கலாம்.

"சார், உங்க ஸ்பேமைத் தொறங்க."

பிராங்கிளின் திறந்தார். மெயில் போய்ச் சேரவில்லை என்ற அறிவிப்பு அங்கே படிக்கப்படாமல் கிடந்தது.

"அதைப் பாக்காதது உங்க தப்பு. முகவரியை வெளியாளுங்களுக்குத் தொறந்து வுடாதது என் தப்பு. ஜோதிகாவுக்கு இதுல வேலையே இல்ல."

தண்டபாணியும் பிராங்கிளினும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இருபது வருஷமா இன்னா புடுங்குன என்றார் தண்டபாணி. தன் கம்பெனியாயிருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பேன் என்றார் பிராங்கிளின். ரிஃபானா குறுக்கே பேசாமல் அமைப்பைத் திறந்து, வெளியாட்களுக்கு அனுமதி கொடுத்தாள்.

"சார், இப்ப உங்க போன்லேர்ந்து ஒண்ணு போடுங்க. திட்டியே போடுங்க, பரவால்ல."

திட்டித்தான் போட்டார். சற்று நேரத்தில் ஜோதிகாவின் பெட்டிக்கு அது வந்து சேர்ந்தது.

"என்னை வெளிய அனுப்புறதுன்னா அனுப்புங்க," என்றாள் ரிஃபானா தண்டபாணியிடம். "அவளை உக்காரச் சொல்லுங்க."

"போய் வேலையப் பாரு," என்றார் அவர். யாரிடம் சொன்னார் என்று இருவருமே கேட்கவில்லை.

தன் நாற்காலிக்குப் போகும் வழியில் ஜோதிகா நின்றாள். "நீங்க பண்ண தப்புக்கு நான் அசிங்கப்பட்டேன்க்கா."

"ஆமா," என்றாள் ரிஃபானா.

ஜோதிகா அதன் பிறகு அவளிடம் பேசவில்லை. ரிஃபானா அன்றே போனில், ஆபீசைச் சேராத சொந்த மெயில் முகவரி ஒன்றைத் தொடங்கினாள். எந்தப் புது முகவரி உருவாக்கினாலும், இப்போதெல்லாம் வெளியாளைப் போலத் தெருவில் இறங்கி நின்று, அதிலிருந்து மெயில் போட்டுப் பார்த்த பிறகே சரி என்கிறாள்.