மச்சான் விட்ட இடைவெளி

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம், கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைனில் ஒரு அறை, அவ்வளவுதான் என் பூர்வீகச் சொத்து. இன்றைக்கு என் பட்டறையில் தேய்த்த கண்ணாடிகள் எந்தெந்த ஊர் ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன என்று எனக்கே சொல்லத் தெரியாது. ஒளி அலையின் நூறில் ஒரு பங்கு மேடு பள்ளம் கூட இல்லாமல் கண்ணாடியைச் சமமாக்க இந்த மலையில் என்னை விட்டால் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்து வாங்கிய பெருமையை ஒளித்து வைக்க எனக்குத் தெரியாது.

அந்தப் பெயரை ஒருவர் கெடுத்தார். அவர் வேறு யாருமில்லை, என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். அதை நான் எப்படித் திருப்பிக் கொடுத்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடக்கத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் தொழில் செய்தோம். கண்ணாடி என் வேலை, இரும்பும் அலுமினியமும் மச்சான் வேலை. நாங்கள் செய்ததில் முக்கியமானது ஜோடிக் கண்ணாடி. வட்டமான இரண்டு கண்ணாடிகள், எதிரெதிராகப் பார்க்கும் முகங்களில் பளபளப்புப் பூச்சு. இரண்டையும் ஒரு சிறு இடைவெளி விட்டு இம்மியும் சாயாமல் நிறுத்த வேண்டும். தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் வந்த ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், கொஞ்சம்தான் உள்ளே விடும். இரண்டையும் சேர்த்து வைத்தால் இன்னும் கொஞ்சமாகத்தானே வர வேண்டும் என்று கேட்பார்கள். அங்கேதான் வேடிக்கை. உள்ளே போன ஒளி இரண்டு முகங்களுக்கும் நடுவே போய்ப் போய்த் திரும்பும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெளியே கசியும். போய்த் திரும்பும் தூரத்துக்குள் அலைகள் மிச்சமில்லாமல் முழுதாக அடங்கினால், கசிந்தது எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போய், கிட்டத்தட்ட வந்த ஒளி முழுவதும் அந்தப் பக்கம் போய்விடும். துளி பிசகினாலும் ஒன்றை ஒன்று அழித்து இருட்டாகிவிடும். அதனால் ஒற்றை நிற விளக்கை வைத்து ஜோடி வழியாகப் பார்த்தால் கருப்புக்கு நடுவே மெல்லிய வெளிச்ச வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். பூச்சும் சமமும் நன்றாக இருந்தால் வளையம் கூர்மையாகும். வளையத்துக்கு வளையம் எவ்வளவு தள்ளி என்பதைத் தீர்மானிப்பது இடைவெளி. இந்த இரண்டும் வேறு வேறு சங்கதி. என் மச்சானுக்குக் கடைசி வரை இது புரியவில்லை.

முதல் அடி இப்படி விழுந்தது. மலை மேலுள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் எங்கள் ஜோடியைக் காட்டப் போனோம். கோயமுத்தூர் கல்லூரிகளிலிருந்தும் பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே மச்சான் கடைந்த அலுமினிய வளையம். மூடுபனி விலகியிருந்த காலை. மேசையை ஜன்னலோரம் போட்டது மச்சான்தான். நான் வழக்கப்படி தலையை இடமும் வலமும், மேலும் கீழும் அசைத்துப் பார்த்தேன். தலை அசையும்போது வளையம் பெரிதாகாமலும் சுருங்காமலும் நின்றால் இரண்டு முகமும் நேராக இருக்கின்றன என்று பொருள். கல் மாதிரி நின்றது. பெரியவர்களைக் கூப்பிட்டோம். அதற்குள் வெயில் மேசைக்கு வந்துவிட்டது. நடுவிலிருந்து புதுப் புது வளையம் பிறந்து வெளியே போய்க்கொண்டே இருக்கிறது, நிற்கவே இல்லை. யாரோ ஏன் என்று கேட்டார்கள். மச்சான் என்னைக் காட்டினார்.

“கண்ணாடி சரியில்லைங்க. நம்ம மாப்ள ஐந்தாங்கிளாசு, அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் எனக்கு ‘ஓடற கண்ணாடி’ என்று பட்டப்பெயர். வந்த வேலையெல்லாம் மச்சான் பக்கம் போனது. தனிப் பட்டறை போட்டு, பெங்களூரிலிருந்து தேய்த்த கண்ணாடியை வாங்கித் தன் பெயரில் விற்க ஆரம்பித்தார்.

எனக்கு அந்த ஓட்டத்தின் காரணம் பிடிபட அதிக நாள் ஆகவில்லை. வீட்டில் அதே ஜோடியைப் பச்சை விளக்குக்கு முன்னால் நிறுத்தி, அலுமினிய வளையத்தை உள்ளங்கையால் பொத்தினேன். நடுவிலிருந்து வளையங்கள் புறப்பட்டு வந்தன. கையை எடுத்தேன், ஆறியதும் ஒவ்வொன்றாக உள்ளே போய் மறைந்தன. சூடு பட்ட அலுமினியம் நீள்கிறது, இடைவெளி கூடுகிறது, வளையம் வெளியே போகிறது. குற்றம் அவருடைய உலோகத்தில், அவர் போட்ட மேசையில். என் கண்ணாடியில் இல்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த மனுஷனை அதே மாதிரி ஒரு சபையில் நிறுத்தாமல் விடமாட்டேன் என்று. அலுமினியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதன் இடத்தில் வைக்க, சூட்டுக்கு அசையாத குவார்ட்ஸ் கண்ணாடியில் சின்னத் துண்டுகள் வெட்டி, மூன்று மூன்றாக ஒரே கனத்துக்குத் தேய்க்கப் பழகினேன். இந்த மலையில் அப்படி மெல்லிசாகத் தேய்க்கிற கை என் ஒருவனிடம்தான் உண்டு. மச்சானும் பிறகு குவார்ட்ஸுக்கு மாறினார். ஆனால் தடித்த துண்டுகளாக வெளியூரில் வாங்குவார்.

காலம் கனிந்து வந்தது. அதே ஆய்வுக்கூடத்துக்கு ஒரு புதுத் தலைவி வந்தார், பெண் விஞ்ஞானி. அவருக்கு ஜோடிகள் வேண்டும். ஒரு சிவப்பு விளக்கைப் பெரிய மின்காந்தத்துக்கு நடுவே வைத்துப் பார்க்கப் போகிறார். ஒளி இவ்வளவு கூர்மையாக வர வேண்டும் என்று மட்டும் எங்கள் இருவருக்கும் சொல்லி அனுப்பி, ஒரே நாளில் வரச் சொன்னார். நான் முன்கூட்டியே போய், காந்தம் எதற்கு அம்மா என்று கேட்டேன். அவர் பொறுமையாக, படம் போட்டுச் சொன்னார். காந்தம் ஏற ஏற அந்த ஒரு சிவப்பு இரண்டு சிவப்பாகப் பிரியுமாம், ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே. அந்தப் பிரிவை அளப்பதுதான் அவர் வேலை. இடைவெளி என்ன வைக்கலாம் என்று அவரே கணக்குப் போட்டுக் கொடுத்தார். மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. கேட்டால் யாருக்கும் சொல்லியிருப்பார். மச்சான் கேட்கவில்லை.

அன்று காலை வராந்தாவில் தேநீர் குடிக்கும்போது மச்சானின் ஜோடியைப் பார்த்தேன். பார்த்ததும் என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இடைவெளி என்னுடையதைப் போல இரண்டு மடங்கு. கல்லூரிகளுக்கு விற்கும்போது அவர் எப்போதும் செய்கிற வேலை அது. இடைவெளியைக் கூட்டினால் வளையங்கள் மெலிந்து நெருங்கும், வாங்குகிறவர் அடடா என்ன மெல்லிசு என்பார். வளையங்கள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்பதை யாரும் கவனிப்பதில்லை.

அவரிடம் சொல்லியிருக்கலாம். என் பட்டறையிலிருந்து மெல்லிய துண்டுகளைக் கொண்டுவந்து மாற்ற அப்போதும் நேரம் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“மச்சான், உங்க வளையம் தலைமுடி மாதிரி இருக்குதுங்க. என்னுது அதுக்கு முன்னால கயிறு.”

“இப்பவாச்சும் ஒத்துக்கிட்டீங்களே மாப்ள.”

“எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. அம்மாவுக்கும் தெரியட்டும்.”

சொன்னார். இருட்டறைக்குள் எல்லோரும் கூடியதும் இரண்டு ஜோடியையும் திரையில் காட்டினார்கள். காந்தம் இன்னும் போடவில்லை. அவருடைய வளையம் மெல்லிசு, என்னுடையது பருமன். மச்சான் அளந்து அளந்து பேசினார். கூர்மை என்றால் இதுதான், பழைய அனுபவம் இருக்கிறவர்களுக்கே இது வரும், சிலர் கண்ணாடி ஓடும், நம்முடையது நிற்கும் என்றார். தலைவி திரையிலிருந்து கண்ணை எடுத்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன், சிரிப்பு வெளியே வந்துவிடக் கூடாதே என்று.

முதலில் என் ஜோடி. காந்தத்தை மெல்ல ஏற்றினார். ஒவ்வொரு வளையமும் பிளந்து இரண்டானது. காந்தம் முழு பலத்துக்கு வந்தபோது சம தூரத்தில் ஒன்று விட்டு ஒன்றாக நின்றன, நாற்று நட்ட மாதிரி. ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

அடுத்தது மச்சானுடையது. வளையம் பிளந்தது. பிளந்த பாதி நகர்ந்து பக்கத்து வளையத்தின் பாதியை நோக்கிப் போனது. பக்கத்துப் பாதி இதை நோக்கி வந்தது. இரண்டும் சேர்ந்தன. காந்தம் முழு பலத்தில் நிற்கிறது, திரையில் பழையபடி ஒற்றை ஒற்றை வளையங்கள், இடம் மட்டும் மாறி. பிரிந்ததே தெரியவில்லை.

“ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. ஆனா இதுல ஒண்ணுன்னுதான் காட்டுது,” என்றார் தலைவி. “கண்ணாடி நல்ல கண்ணாடிதாங்க. வளையத்துக்கு வளையம் இருக்கிற இடம் பத்தலை. எது எந்த வளையத்தோட பாதின்னு எப்படிங்க சொல்றது?”

மச்சான் விளக்கு சரியாக இருக்கிறதா என்று கேட்டார். யாரோ பின்னால் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் பல வருஷமாகக் காத்திருந்து வாங்கினேன். கரும்பு தின்ற மாதிரி இருந்தது.

தலைவி நியாயமானவர். மெல்லிய துண்டுகள் போட்டு அடுத்த வாரம் கொண்டுவந்தால் மறுபடி பார்ப்பதாகச் சொன்னார். அந்த வாரத்துக்குள் அப்படிப்பட்ட துண்டு வேறு எங்கே கிடைக்கும்? மறுநாளே மச்சான் என் பட்டறைக்கு வந்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியில் அவர் செருப்பு. நான் உட்காரச் சொல்லவில்லை.

“மூணே மூணு துண்டு குடுங்க மாப்ள. என் பேரு போயிரும்.”

“என் பேரு போனப்ப நீங்க பக்கத்துலதானுங்க நின்னீங்க?”

நான் என் விலையைச் சொன்னேன். அதே கூடத்துக்கு வர வேண்டும். அன்று வளையம் ஓடியது தன் அலுமினியத்தால், தான் போட்ட மேசையால் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். சொன்னால் துண்டு கையில். அலமாரியைத் திறந்து பஞ்சில் பொதிந்து வைத்திருந்ததை அவர் கண்ணுக்குக் காட்டவும் செய்தேன்.

“உங்ககிட்ட இப்பச் சொல்றேனுங்க. தப்பு என்னுதுதான். போதுமா?”

“எனக்குத்தான் அது அப்பவே தெரியுமே மச்சான். அவங்களுக்குச் சொல்லுங்க.”

அவர் துண்டுகளையே பார்த்தார். பிறகு திரும்பி இறங்கிப் போய்விட்டார். நான் அலமாரியைப் பூட்டினேன்.

வேலை எனக்கு வந்தது. அடுத்தடுத்த வேலைகளும் வந்தன. மச்சான் ஜோடிக் கண்ணாடி செய்வதையே விட்டுவிட்டார். என் மனைவி ஒரு மாதம் எனக்குச் சோறு மட்டும் போட்டாள், பேச்சுப் போடவில்லை. மூன்று துண்டுக் கண்ணாடிதானே, கொடுத்திருந்தால் குறைந்தா போயிருப்பீர்கள் என்று ஒரே ஒரு முறை கேட்டாள். குறைந்துதான் போயிருப்பேன் என்றேன்.

போன தை மாதம் மச்சான் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை மனைவி பெயருக்கு மட்டும்தான் வந்தது. நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். முறைக்காக மச்சான் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். இப்ப என்ன வேலை ஓடுதுங்க என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டேன்.

“எஸ்டேட்டுக்கெல்லாம் இரும்பு கேட் அடிக்கறேன்,” என்றார்.

“நல்லதாப் போச்சு. என் பட்டறைக்கு ஒண்ணு வேணும். வந்து அடிச்சுக் குடுங்க. அளவை நானே எடுத்து வைக்கறேன்.”

கிண்ணத்தை நீட்டியபடியே நின்றார். நான் நிதானமாகச் சந்தனம் எடுத்துப் பூசிக்கொண்டு, பந்திக்கு எழுந்தேன்.