சேற்றிலிருந்து வந்த லேப்டாப்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருக்கும் என் கடைக்கு வருகிற லேப்டாப்புகளுக்குப் பெரும்பாலும் ஒரே நோய்தான். “ரொம்ப ஸ்லோவா இருக்குங்க” என்பார்கள். திறந்து பார்த்தால் விசிறியில் தூசி பஞ்சு போல அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்து, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸை மறுபடி ஏற்றிக் கொடுத்தால் சந்தோஷமாகப் போவார்கள்.

அந்தப் பெருமழைக்குப் பிறகு வந்தவை வேறு மாதிரி. கடைக்காரர்கள் தண்ணீர் புகுந்த பில் மெஷின்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களோடு ஒருநாள், உரப் பையில் எதையோ சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி ஒருவர் வந்து நின்றார். கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறவர். மண் சரிந்து தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையை மூடியபோது அவர் அங்கே இருக்கவில்லை. வீட்டில் இருந்த மனைவியும் மகளும் மண்ணோடு போய்விட்டார்கள். தோண்டியவர்கள் அலுமாரிக்குள் கிடந்த மகளின் லேப்டாப்பை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

“இது ஓடணும்னு இல்ல தம்பி. உள்ள படம் இருக்கு. போன்ல எடம் பத்தலன்னு மக எல்லாத்தையும் இதுலதான் ஏத்தி வைக்கும். அவங்கம்மா சிரிச்ச மாதிரி ஒரு படம் இருக்கு. அது போதும்.”

“ஒங்க போன்ல ஒண்ணும் இல்லீங்களா அண்ணே?”

“எங்கிட்ட இருக்கறது பட்டன் போன்தானே.”

அடிமூடியைக் கழற்றினேன். சேறு காய்ந்து, உள்ளே வார்த்து வைத்தது போல் இறுகியிருந்தது. பேட்டரியைப் பிரித்தெடுத்து, பிரஷ்ஷால் மண்ணைத் தட்டி, ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுத் துடைத்தேன். விசைகளுக்கு இடையில் தேயிலைச் சருகு இருந்தது. மதர்போர்ட் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. கண்டியில் சிப் வேலை செய்கிற நண்பருக்குக் கொடுத்தனுப்பினேன்; அதற்கு உயிர் இல்லையென்று சொல்லிவிட்டார்.

ஆனால் படங்களெல்லாம் பதிந்திருக்கும் எஸ்எஸ்டி தப்பித்திருந்தது. விரல் அளவேயான அந்தத் துண்டின் முனைகளைச் சுத்தம் செய்து, ஒரு யூஎஸ்பி கவருக்குள் செருகி என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். திரையில் டிரைவ் வந்ததும், பக்கத்தில் நின்றவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

டிரைவின் மேல் ஒரு பூட்டுப் படம். அழுத்தினேன். நாற்பத்தெட்டு இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்டது.

“என்னாங்க தம்பி?”

புதிய விண்டோஸ் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடும். அதே போர்ட் உயிரோடு இருந்தால் அதுவே திறந்துவிட்டிருக்கும். இனி அந்தச் சாவி, விண்டோஸ் போட்டபோது கொடுத்த இமெயில் கணக்கில் மட்டும்தான் இருக்கும். எனக்கு விளங்கிய அளவுக்கு அவருக்கு விளக்கினேன்.

மகளின் சிம் அவர் பெயரில் எடுத்தது. அடுத்த நாளே போய் அதே நம்பருக்குப் புது சிம் வாங்கி வந்தார். அதற்கு வந்த கோட் நம்பரை வைத்து மகளின் இமெயிலைத் திறந்தோம். கம்பஸ் படிப்புக்கான விண்ணப்பங்கள், வேலை கேட்டு அனுப்பிய கடிதங்கள். ஒவ்வொன்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். சாவி அதில் இல்லை. விண்டோஸ் வேறொரு கணக்கில் போடப்பட்டிருந்தது.

லேப்டாப்பை விற்ற நுவரெலியா கடைக்குப் போன் போட்டேன். எடுத்தவர் நல்ல மனிதர்தான்.

“விக்கிறப்ப அந்தந்த நேரத்துக்கு ஒரு இமெயில் அடிச்சுப் போட்டுருவோம் தம்பி. பாஸ்வேர்டும் அப்பிடித்தான். எங்கயும் வைக்கிறதில்ல. அந்த வேல செஞ்ச பையனும் இப்ப கட்டார்ல.”

நம்பர் வாங்கி கட்டாருக்கும் பேசினேன். ஞாபகமில்லையென்று சொல்லி அவன் அழுதான்.

டிஸ்க்கில் எதுவும் அழியவில்லை, எல்லாம் அப்படியே இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. அழிந்துவிட்டது என்றிருந்தால் அவர் அன்றே அழுது முடித்திருப்பார்.

கருமாதிக்குப் பேனர் அடிக்க, பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணக் கூட்டப் படமொன்றிலிருந்து இருவரின் முகத்தையும் வெட்டி எடுத்தோம். பெரிதாக்கியபோது மனைவியின் முகம் கலங்கிப் போனது. பாதி முகத்தை முன்னால் நின்றவரின் தோள் மறைத்திருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இது அவ மாதிரியே இல்ல” என்றார். பிறகு, “பரவால்ல, அடிங்க” என்றார்.

எஸ்எஸ்டியைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போனார். அங்கிருந்து இடையிடையே எனக்குப் போன் எடுக்கிறார். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கும்.

“தம்பி, புதுசா ஏதாச்சும் வழி வந்திருக்குங்களா?”

“இன்னும் இல்லீங்க அண்ணே.”

“சரிங்க தம்பி. வந்தா சொல்லுங்க.”

வராது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாய் வருவதில்லை. போனை வைத்துவிட்டு, மேசையில் திறந்து கிடக்கிற யாரோ ஒருவருடைய லேப்டாப்பின் விசிறியைத் துடைக்கத் தொடங்குகிறேன்.