திங்கட்கிழமை வருத்தம்

நூல் ஆலையில் பஞ்சைச் சீவும் கார்டிங் பகுதியில் வேலை செய்தேன். ஞாயிறு விடுமுறை. திங்கள் பின்னேரமானால் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியதுபோல இருக்கும், செவ்வாய் குறைந்துவிடும். "உவருக்குத் திங்கட்கிழமைதான் வருத்தம்" என்று மேற்பார்வையாளர் என் நோயைக் கேலி செய்ய எல்லோரும் சிரிப்பார்கள். நான் தனியே சாப்பிடப் பழகிக்கொண்டேன். தூசியை உறிஞ்சும் விசிறி பழுதாகிக் கிடக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அதற்கும் சிரித்தார். அவர் ஞாயிறும் வந்து இயந்திரங்களைத் துடைக்க வைப்பவர். அவருக்கு ஒருநாளும் நெஞ்சு இறுகியதில்லை.

ஒருமுறை ஊரடங்கினால் ஆலை இரண்டு கிழமை பூட்டிக் கிடந்தது. ஒரு வியாழக்கிழமை திறந்தார்கள். ஆலையின் தாதியான மிஸி அன்று வேலைக்கு முன்னும் பின்னும் எல்லோரையும் மூச்சளக்கும் குழாயில் மூன்று தரம் ஊத வைத்து, கூடிய எண்ணை எழுதினார். பின்னேரம் என்னுடைய எண் காலையைவிடக் குறைந்திருந்தது. மேற்பார்வையாளருடையது இன்னும் மோசமாக விழுந்திருந்தது.

"ஞாயிறும் தூசிக்குள்ளை நிண்டதாலை உங்களுக்கு இவ்வளவு நாளும் தெரியேல்லை. லீவிலை நிண்டிட்டு வந்தால்தான் இது இறுக்கிப் பிடிக்கும்" என்று அவரிடம் சொன்னார் மிஸி.

மேற்பார்வையாளர் நெஞ்சைத் தடவியபடி என்னிடம் வந்தார்.

"உமக்கு எவ்வளவு காலமா இப்பிடி?"

"ஏழு வருஷம்."

எனக்கு ஏழு வருஷம் இறுகியபோது அசையாத விசிறி, அவருக்கு ஒருநாள் இறுகியதும் அடுத்த கிழமையே சுழன்றது. சாப்பாட்டு நேரம் எல்லோரும் இடம் விட்டுக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.