துரை எழுதிய திசை

செங்கல்பட்டில் பழைய காகிதங்களை ஸ்கேன் எடுத்து, படித்து, தட்டச்சு செய்து தரும் சின்ன அலுவலகம் எங்களுடையது. கடற்கரை ஊரிலிருந்து ஒரு பாய் மஞ்சள் பையில் ஆங்கில டைரி ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய முப்பாட்டனார் உப்பு இலாகா வெள்ளைக்காரர் ஒருவருக்குச் சமையல்காரர். துரை ஊரைவிட்டுப் போகும்போது விட்டுப்போன டைரியாம்.

"தோப்புல நல்ல தண்ணிக் கெணறு ஒண்ணு இருந்திச்சும்மா, தூந்து போச்சு. போர் போட்டா உப்புதான் வருது. டீ போட்டா பால் திரிஞ்சிடுது. வித்துட்டுப் பொத்தேரி பக்கம் போலாம்னு வூட்ல ஒரே பேஜாரு. பள்ளிவாசலுக்கு வடக்கதான் கெணறுன்னு எங்க நன்னா, அதான் எங்க தாத்தா, சொல்வாரு. துரை எழுதிகீறாரான்னு பாரும்மா. இன்னொரு தபா தோண்ட என்னால முடியாது."

அந்தக் கையெழுத்தை என்னவென்று சொல்வேன்! இரட்டை எஸ் வந்தால் முதல் எஸ் எஃப் மாதிரி நீண்டு தொங்கும். டி-யின் கொம்பு பின்னால் சுருண்டு முந்தின எழுத்தின் தலையில் விழும். பாதி வார்த்தைகளுக்கு முதல் எழுத்தைப் பெரிதாகவும் கடைசி எழுத்தை மேலே குட்டியாகவும் போட்டு முடித்துவிடுவார். மனுஷனுக்கு மையில் அப்படி என்ன பஞ்சமோ! திட்டிக்கொண்டேதான் தட்டினேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துத் தட்டுவோம், பிறகு ஒப்பிடுவோம். கொண்டுவந்தவர் சொன்ன கதையை இரண்டாவது ஆளிடம் சொல்லக் கூடாது. கூட வேலை செய்யும் பெண்ணிடம் நான் மூச்சுகூட விடவில்லை.

கிணறு பற்றிய வரி கிடைத்தது. பள்ளிவாசலிலிருந்து எந்தத் திசை என்பதைத் துரை ஒற்றை எழுத்தில் சுருக்கியிருந்தார். நான் 'என்' என்று தட்டியிருந்தேன், நார்த், வடக்கு. அவள் 'டபிள்யூ' என்று தட்டியிருந்தாள், வெஸ்ட், மேற்கு.

"கண்ணு தெரியலையா உனக்கு?" என்று எகிறினேன்.

"ஏன்க்கா கத்துற? வா, பக்கத்துத் தலைப்புங்களப் பாப்போம்."

துரை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கிழமையையும் மாதத்தையும் எழுதியிருந்தார். புதன்கிழமை டபிள்யூவில்தான் தொடங்கும், நவம்பர் 'என்' எழுத்தில்தான் தொடங்கும். அதில் சந்தேகமே கிடையாது. அவற்றையெல்லாம் வெட்டித் திரையில் வரிசையாக வைத்தோம். 'என்' எழுத்தின் கடைசிக் கோடு நேராக மேலே ஏறி நின்றது. டபிள்யூவின் கடைசிக் கோடு உள்பக்கமாகச் சுருண்டது. கிணற்று வரியின் எழுத்தும் சுருண்டிருந்தது. வடக்கு என்று காதில் விழுந்ததைத்தான் என் கண் பார்த்திருக்கிறது.

பாய்க்குப் போன் போட்டேன். வடக்கே தோண்ட வண்டி சொல்லிவிட்டாராம். துரை எழுதியிருப்பது மேற்கு என்றேன்.

"எங்க நன்னா பொய்யா சொல்லிகீறாரு?"

"பொய் இல்ல பாய். அவரு ஞாபகத்துல இருந்து சொன்னாரு. துரை கெணத்தாண்ட போய் வந்த அன்னிக்கே எழுதியிருக்காரு."

எழுத்துகளின் படங்களை அனுப்பி வைத்தேன். அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கமே வரவில்லை. தப்பாகிவிட்டால் அந்தக் குடும்பத்தின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அடுத்த வாரம் பாய் பிளாஸ்க்கோடு வந்து நின்றார். சட்டையெல்லாம் சேறு.

"மேக்கால பழைய கெணத்துச் செங்கல் சுவரு வந்திச்சும்மா" என்றார். மூடியைத் திறந்து எங்கள் இருவருக்கும் டீ ஊற்றினார்.

பால் திரியவில்லை.