மூன்றாம் நாளுக்கு ஒரு நன்றி

எண்பதுகளில், ஏற்காட்டில் ஒரு காப்பிக் கம்பெனியின் ஆபீசில் டெலக்ஸ் மெஷின் என் பொறுப்பு. இங்கே தட்டினால் அடுத்த ஊர் மெஷினின் பேப்பரில் எழுத்து விழும். மகள் டைபாய்டு வந்து சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டு நாள் லீவு கிடைத்தது. சேலம் ஆபீசின் டெலக்ஸ் ஆபரேட்டர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், என் இடத்துக்கு வந்தார்.

மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை; யாரிடமும் சொல்லாமல் மகளிடமே இருந்துவிட்டேன். சொல்லாமல் இன்னொரு நாள் நின்றால் வேலை கிடையாது என்று சேலம் மேனேஜர் முன்பே எச்சரித்திருந்தார். நான் வராததைப் பார்த்து அண்ணன் ஏற்காட்டிலேயே தங்கிவிட்டார். வயிற்றுவலி, பஸ் ஏற முடியவில்லை என்று மேனேஜருக்குப் போனில் சொல்லிவிட்டு, ஒவ்வொரு செய்தியின் அடியிலும் என் பெயரின் இரண்டெழுத்தைப் போட்டு அனுப்பினார். மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்கு அந்த எழுத்துதான் நான்.

நான்காம் நாள் காலையில் சீட்டுக்கு வந்ததும் அவருக்கு நன்றி சொல்லத் துடித்தேன். லைன் நேரம் வீணாகக் கூடாதென்று செய்தியை முதலிலேயே மெஷினின் காகித நாடாவில் ஓட்டைகளாகப் போட்டு வைத்துக்கொண்டேன். தமிழைத்தான், ஆங்கில எழுத்தில். "அண்ணா, மூணாவது நாளும் எனக்காக உக்காந்தீங்களே, நொம்ப நன்றிங்க. பாப்பாவுக்குக் காச்சல் உட்ருச்சு."

சேலத்துக்கு டயல் செய்தேன். அந்த மெஷினின் அடையாள எழுத்துகள் வந்தன. நாடாவை ஓடவிட்டேன். எதிரே ஆளே இல்லாவிட்டாலும் மெஷின் தானாகவே அடையாளம் சொல்லும். யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, அந்த ஆளின் பெயரெழுத்து வந்த பிறகே அனுப்ப வேண்டும். புதிதாய்ச் சேர்கிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற பாடம். புத்தி கெட்டவள்.

பேப்பரில் ஒவ்வொரு எழுத்தாக, ஒற்றை விரலில் தட்டுகிறவரின் வேகத்தில், மேனேஜரின் எழுத்து விழுந்தது. "அவர் டீக்குப் போயிருக்கிறார். நீ காத்திரு."

என் நன்றியை அவர்தான் படித்திருக்கிறார். வேலை போனால் ஆஸ்பத்திரி பாக்கிக்கு யாரிடம் போய் நிற்பேன்? வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, மொகமெல்லாம் வேர்த்திருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க," என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

அரை மணி கழித்து மெஷினின் மணி அடித்தது. அண்ணனின் எழுத்து. எப்போதும் போல் மளமளவென்று வந்தது.

"அம்மணி, நீ மூணாம் நாளுக்கும் லீவு கேட்டுச் சொல்லியுட்டதாவும், நாந்தான் மேல சொல்ல மறந்து, அத மறைக்க வயித்துவலின்னு பொய் சொன்னதாவும் மேனேஜருக்கு எழுதிக் குடுத்துட்டேன். மெமோ எனக்கு மட்டுந்தான். யார் கேட்டாலும் ஆமான்னு சொல்லிப்போடு. பாப்பாவுக்குக் கஞ்சி குடு."

பத்து நிமிடத்தில் மேனேஜர் போன் செய்தார். நான் லீவு கேட்டு அண்ணனிடம் சொல்லியனுப்பியது உண்மையா என்றார்.



"ஆமாங்க சார்," என்றேன்.